கிவ்அவே அறிவிப்பு எழுதக் காசு கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பித்தளை விளக்கு விற்கும் சின்ன இன்ஸ்டாகிராம் பக்கம் என்னுடையது. கார்த்திகைக்கு ஒரு கிவ்அவே போடலாமென்று, பக்கங்களைக் கவனித்துக்கொள்ளும் ஒருவரிடம் 3,000 ரூபாய் கொடுத்தேன். அவர் எழுதித் தந்தது இவ்வளவுதான்: "ஃபாலோ பண்ணுங்க, 3 நண்பர்களை போட்டோவில் டேக் பண்ணுங்க, ஸ்டோரியில் ஷேர் பண்ணுங்க. வெள்ளி நள்ளிரவு 12 மணி வரை. ஒரு லக்கி வின்னருக்குக் குத்துவிளக்கு!"

நானும் படித்துப் பார்த்துத்தான் போட்டேன், அதுதான் எரிச்சல்.

வெள்ளி நள்ளிரவு என்றால் வியாழன் முடிகிற 12 மணியா, வெள்ளி முடிகிற 12 மணியா? பாதிப் பேர் ஒன்று, மீதிப் பேர் இன்னொன்று என்று எடுத்துக்கொண்டார்கள். பிரைவேட் கணக்குக்காரர்கள் ஸ்டோரி போட்டதை என்னால் பார்க்கவே முடியவில்லை, மற்றவர்களுடையதும் 24 மணி நேரத்தில் மறைந்துவிட்டது, அப்புறம் யார் ஷேர் செய்தார் என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? குலுக்கலில் பெயர் வந்தவர் சிங்கப்பூர். நாலு கிலோ விளக்கு. தபால் செலவு விளக்கின் விலையைத் தாண்டியது, ஆனால் "இந்தியாவுக்குள் மட்டும்" என்று எங்கும் எழுதவில்லையே, அனுப்பித்தான் ஆகவேண்டும்.

இதைவிடப் பெரிய தப்பு, படத்தில் இல்லாதவரைப் படத்தில் டேக் செய்யச் சொன்னது. இன்ஸ்டாகிராமின் விதியே அதைக் கூடாது என்கிறது. விதிகளையும் தகுதியையும் எழுதுவதும், இந்தப் போட்டிக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் தொடர்பில்லை என்று சொல்வதும் நடத்துபவர் பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. கேட்டதற்கு "எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க அக்கா" என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

அடுத்த முறை நானே உட்கார்ந்து எழுதினேன்:

"பரிசு: ஒரு குத்துவிளக்கு, ஒருவருக்கு. இந்தியாவில் முகவரி உள்ள, 18 வயது நிறைந்தவர்கள் கலந்துகொள்ளலாம். இந்தப் பக்கத்தை ஃபாலோ செய்து, இந்தப் பதிவின் கீழ் உங்கள் வீட்டு விளக்கைப் பற்றி ஒரு கமெண்ட் போடுங்கள். ஒருவருக்கு ஒரு கமெண்ட்தான் கணக்கு. எதுவும் வாங்க வேண்டாம். கடைசி நேரம்: நவம்பர் 14, வெள்ளி இரவு 11:59, இந்திய நேரம். மறுநாள் மாலை 6 மணிக்கு லைவில் குலுக்கல். வென்றவர் 48 மணி நேரத்தில் பதில் தராவிட்டால் மறு குலுக்கல். அனுப்பும் செலவு எங்களுடையது, யாரிடமும் பணம் கேட்க மாட்டோம். இந்தப் போட்டியை இன்ஸ்டாகிராம் நடத்தவில்லை, ஆதரிக்கவில்லை. கலந்துகொள்பவர்கள் இதற்கு இன்ஸ்டாகிராமைப் பொறுப்பாக்க முடியாது."

பணம் கேட்க மாட்டோம் என்ற வரி சும்மா சேர்த்ததில்லை. முதல் முறை என் பக்கத்தின் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி எவனோ கணக்கு தொடங்கி, "நீங்கள் ஜெயித்தீர்கள், கூரியருக்கு 250 அனுப்புங்கள்" என்று கமெண்ட் போட்டவர்களுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான், இரண்டு பேர் அனுப்பியும்விட்டார்கள்.

அதே பதிவை ஃபேஸ்புக்கிலும் போடுகிறவர்கள் கவனியுங்கள், அங்கே "டைம்லைனில் ஷேர் செய்தால், நண்பரை டேக் செய்தால்தான் போட்டியில் சேர்ப்போம்" என்று நிபந்தனை வைக்கவே கூடாது.

என் 3,000 வரவில்லை. போன வாரம் ஒரு நகைப் பக்கத்தில் அதே வரிகளைப் பார்த்தேன், குத்துவிளக்கு இருந்த இடத்தில் ஜிமிக்கி.