ஆஃபர் லெட்டர் விவரங்களை எடுக்க: விதி நிரலா, மொழி மாதிரியா?

காரைக்குடியில் எங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில், ஆஃபர் லெட்டர்களிலிருந்து நிறுவனம், பதவி, சம்பளம், சேரும் தேதி, நிபந்தனைகள் ஆகியவற்றை எடுக்க இரண்டு வழிகளையும் பயன்படுத்தினோம். இப்போது மொழி மாதிரியோடு நிற்கிறோம்.

விதி நிரல், பி.டி.எஃப். கோப்பின் எழுத்துகளைப் பிரித்து, குறித்த சொற்றொடருக்கு அடுத்து வருவதைப் பிடிக்கும். செலவில்லை, நொடியில் முடியும். ஒரே நிறுவனம் ஒரே வடிவில் பல கடிதங்கள் அனுப்பினால் இன்றும் இதுவே போதும்.

சம்பளத்தில்தான் இது தடுமாறுகிறது. உதாரணத்துக்கு, ஒரு கடிதத்தின் முதல் பக்கம் ஆண்டுக்கு ரூ.4,50,000 என்கிறது. இணைப்பைப் புரட்டினால் நிலையான ஊதியம் 3,60,000, செயல்திறனுக்கேற்ற தொகை 40,000, சேரும்போது தரும் போனஸ் 50,000. ஓராண்டுக்குள் விலகினால் அந்த போனஸைத் திருப்பித் தர வேண்டும். விதி நிரல் 4,50,000-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளும். தேவகோட்டையிலிருந்து வரும் தந்தையோ, "மாதம் கைக்கு எவ்வளவு வரும், சார்?" என்றுதான் கேட்கிறார். அவருக்கான விடை 30,000. அதிலும் வருங்கால வைப்பு நிதி போன்ற பிடித்தங்கள் உண்டு.

மொத்தம், நிலையானது, மாறுவது, ஒருமுறை தருவது என நான்கு கட்டங்களாகக் கேட்டால், மாதிரி இணைப்பைப் படித்துப் பிரித்துத் தருகிறது. கடைசி மூன்று கட்டங்களின் கூட்டல் மொத்தத்தோடு பொருந்துகிறதா என்பதை ஒரு சிறு நிரல் பார்க்கும். பணிக்கொடை போன்றவற்றையும் மொத்தத்தில் சேர்க்கும் நிறுவனங்களின் கடிதங்களில் கணக்கு இடிக்கும். அவற்றை ஊழியர் ஒருவர் படிக்கிறார். அரியர் இருக்கக் கூடாது, இத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்று பத்திகளுக்குள் புதைந்த நிபந்தனைகளையும் மாதிரிதான் நன்றாக எடுக்கிறது.

ஆனால் மாதிரியை அப்படியே நம்பக் கூடாது. சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்றிருக்கும் கடிதத்தில், மேலே உள்ள கடிதத் தேதியை எடுத்து நிரப்பிவிடக்கூடும். அதனால் ஒவ்வொரு விவரத்தோடும் அது வந்த வரியையும் கேட்கிறோம், இல்லாததற்கு `null`:

```json
{"joining_date": null,
 "source_line": "Your date of joining will be communicated separately."}
```

அந்த வரி கடிதத்தில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, தேதி தந்திருந்தால் அது அந்த வரிக்குள்ளேயே இருக்கிறதா என்று நிரல் தேடும். பி.டி.எஃப். வரிகளை நடுவில் உடைப்பதால், தேடுவதற்கு முன் இடைவெளிகளை ஒன்றாக்கிவிட வேண்டும். தேறாத கடிதம் அட்டவணைக்குள் போகாது. 06/07/2026 போன்ற தேதி இந்தச் சோதனையிலும் தேறிவிடும் என்பதால், ஜூனா ஜூலையா என்று நிறுவனத்திடமே கேட்டுவிடுகிறோம்.

கைபேசியில் படமெடுத்து அனுப்பிய கடிதங்கள் எங்களுக்குக் குறைவாகவே வந்தன. அவற்றில் எழுத்துணரி 3-ஐ 8 என்று படித்துவிட்டால் வரிச் சோதனையும் அந்தத் தவற்றைக் காட்டாது. ஆகவே அவற்றுக்கு மட்டும் இன்னும் கையால்தான் பதிகிறோம்.