ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து கிளவுட் செலவைக் குறைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை

எங்கள் சிறு நிறுவனத்தின் அமேசான் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் பில் மூன்றே மாதங்களில் எகிறியதால், செலவைக் குறைத்துத் தருவதாகச் சொன்ன ஓர் ஆலோசகரை முதலாளி அமர்த்தினார். அவர் கேட்டது பில்லிங் பக்கத்தின் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட். அதிலேயே எல்லாம் தெரிந்துவிடுமாம். தெரிந்திருக்கவும் வேண்டும், ஒழுங்காகப் பார்த்திருந்தால்.

அந்தப் படத்தில் இருந்தவை இவை. சர்வர்களுக்கான `EC2-Instances` மூன்று மாதங்களில் 1,450, 1,470, 1,490 டாலர். டேட்டாபேஸ் 820-இலிருந்து 830. அவற்றுக்குக் கீழே `EC2-Other` என்ற வரி: 210, 370, 640. வேகமாக வளர்வது எது என்று சொல்ல நிபுணர் தேவையில்லை. ஆனால் அந்தப் பக்கம் மொத்தத் தொகையின்படி வரிசைப்படுத்துகிறது. பெரியது மேலே நிற்கும், வளர்வது கீழே கிடக்கும். ஆலோசகர் மேல்வரியோடு நின்றுவிட்டார். "சர்வர் செலவுதான் உங்கள் பிரச்சினை, ஓராண்டு சேவிங்ஸ் பிளான் வாங்குங்கள், 28 சதவீதம் குறையும்" என்றார். நடப்பு மாதத்தின் குட்டையான பட்டையைக் காட்டி, டேட்டாபேஸ் செலவு இறங்கி வருகிறது என்று வேறு சொன்னார். மாதம் பாதிகூட முடியாதபோது பட்டை குட்டையாகத்தானே இருக்கும்!

சேவிங்ஸ் பிளான் என்பது மணிக்கு இத்தனை டாலர் கட்டாயம் தருகிறேன் என்ற உறுதி. பயன்படுத்தாவிட்டாலும் கட்ட வேண்டும். இரண்டு பழைய சர்வர்களை அடுத்த மாதம் நிறுத்தப்போகிறோம் என்று கூட்டத்திலேயே சொன்னோம். "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றவர், மணிக்கு 1.40 டாலருக்குக் கணக்குப் போட்டு வாங்க வைத்தார். மாதத்துக்குச் சுமார் 1,022 டாலர். சர்வர்களை நிறுத்திய பின் மீதமுள்ளவற்றுக்குத் தள்ளுபடியே இல்லாத சாதாரண விலை 990 டாலர்தான். ஆக, தள்ளுபடி வாங்கி அதிகமாகக் கட்டுகிறோம். சிறிய உறுதிகளை வாங்கிய ஏழு நாளுக்குள், அதே மாதத்துக்குள், திருப்பித் தரலாம். அவர் அதைச் சொல்லவில்லை. நாங்கள் அறிந்தபோது கெடு கடந்துவிட்டது. அவரோ ஓராண்டுச் 'சேமிப்பில்' 20 சதவீதம் என்று சுமார் 950 டாலரை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

இதற்கிடையே `EC2-Other` வளர்ந்துகொண்டே இருந்தது. இந்தப் பெயருக்குள் டிஸ்க், அதன் நகலான ஸ்னாப்ஷாட், உள் சர்வர்கள் வெளியே பேசும் வழியான நாட் கேட்வே, டேட்டா போக்குவரத்து எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஸ்கிரீன்ஷாட் இதற்குமேல் பேசாது. ஏடபிள்யூஎஸ்ஸின் செலவு ஆய்வுப் பக்கமான காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் சர்வீஸ் வடிகட்டியில் இதை மட்டும் தேர்ந்தெடுத்து, Group by என்பதை Usage type என மாற்றினால் உடனே பிரிந்துவிடும். எங்கள் சக ஊழியர் ஒருவர் அப்படிப் பார்த்தபோது `NatGateway-Bytes` மட்டும் 40, 200, 470 டாலர் என்று ஏறியிருந்தது. வர்ஜீனியா வட்டாரத்தில் ஒரு ஜிபிக்கு 0.045 டாலர், எனவே கடைசி மாதம் சுமார் 10,400 ஜிபி அந்த வழியாகப் போயிருக்கிறது.

காரணம், இரவில் ஓடும் படச் செயலாக்க வேலை. இணையத்துக்கு நேரடி வழியில்லாத தனியார் சப்நெட்டில் இருக்கும் அந்த சர்வர், ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புச் சேமிப்பான எஸ்3-இல் உள்ள எல்லாப் படங்களையும் தினமும் புதிதாக இறக்கியது. ஒரே வட்டாரத்துக்குள் நடக்கும் போக்குவரத்துதான், ஆனாலும் நாட் கேட்வே வழியாகப் போனதால் ஒவ்வொரு ஜிபிக்கும் சுங்கம். படங்கள் கூடக்கூட பில்லும் கூடியது. நாட் கேட்வேயைத் தொடாமல் எஸ்3-க்கு நேர்வழி தரும் கேட்வே எண்ட்பாயிண்ட் வைத்தால் இந்தக் கட்டணமே கிடையாது. எண்ட்பாயிண்டுக்கும் கட்டணம் இல்லை.

```
aws ec2 create-vpc-endpoint \
  --vpc-id vpc-xxxx \
  --service-name com.amazonaws.us-east-1.s3 \
  --route-table-ids rtb-xxxx
```

அதே வட்டாரத்திலுள்ள எஸ்3 சேமிப்புப் பக்கெட்டுகளுக்கு மட்டுமே இது உதவும். மாற்றும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் அறுபடலாம் என்பதால், இரவு வேலை இல்லாத நேரத்தில் செய்தோம். பக்கெட்டின் அணுகல் கொள்கையில் நாட் கேட்வேயின் பொது ஐபி முகவரியை மட்டும் அனுமதித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அணுகல் மறுக்கப்படும். பலன் தெரிய ஒரு நாள் பொறுக்க வேண்டும், பில்லிங் தரவு தாமதமாகத்தான் வரும். எங்கள் `NatGateway-Bytes` பழையபடி சில்லறைச் செலவாகிவிட்டது.

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 'சேமிப்பு' என்பது பிளான் வாங்கிய நாளின் கணக்கு என்று ஒப்பந்தத்தில் இருப்பதைக் காட்டினார். இப்படி யாராவது உங்களிடம் வந்தால், முழு மாதங்களை மட்டும் ஒப்பிட்டு ஒவ்வொரு வரியும் எத்தனை டாலர், எத்தனை சதவீதம் கூடியது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சதவீதம் பெரிதாகத் தெரிந்தாலும், இரண்டு டாலர் எட்டானதை யாரும் பெரிதுபடுத்த வேண்டாம். Usage type பிரிவைக் கேட்காமலே சேவிங்ஸ் பிளான் பற்றிப் பேசினால் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டணம், மூன்று மாதம் கழித்து உண்மையான பில்லில் குறைந்த தொகையிலிருந்து மட்டும் என்று எழுதி வாங்குங்கள்.