கார்டு மெஷின் கட்டணம்: தினமும் கழிப்பது நல்லதா, மாதக் கடைசியில் பிடிப்பது நல்லதா?

ராத்திரி மெஷினில் வரும் சீட்டில் 24,000 என்று இருக்கும், மறுநாள் வங்கிக் கணக்கில் 23,663 ரூபாய் எட்டு பைசா வந்து நிற்கும். நடுவில் போனது எம்.டி.ஆர். எனப்படும் வணிகர் தள்ளுபடிக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும். இதை வாங்கும் விதம் இரண்டு. அன்றன்றைக்கே கழித்துக்கொண்டு மிச்சத்தைப் போடுவது ஒன்று. முழுத் தொகையையும் போட்டுவிட்டு, மாதம் முடிந்ததும் மொத்தமாகப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. நாமாகக் கேட்காவிட்டால் சின்னக் கடைகளுக்குப் பெரும்பாலும் முதலாவதுதான் தலையில் விழும். எங்கள் ரெடிமேட் கடையில் இரண்டாவதுக்கு மாறிவிட்டோம், அதனால் நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பது உங்களுக்கே தெரியும்.

கட்டண விகிதம் இரண்டு வழியிலும் ஒன்றுதான். வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யு.பி.ஐ. பணத்துக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியிலிருந்து கட்டணமே கிடையாது. மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு இருக்கிறது: முந்தைய நிதியாண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் என்றால் 0.40 சதவீதம், அதற்கு மேல் என்றால் 0.90. கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை, ஒப்பந்தத்தில் போட்டிருப்பதுதான் விலை. அப்புறம் பலர் கவனிக்காத ஒன்று, கார்டில் 2,000 ரூபாய் வரையிலான பில்லுக்கு எம்.டி.ஆர். உண்டு, ஆனால் அந்தக் கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி. கிடையாது.

மேலே சொன்ன 24,000 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். 20 லட்சத்தைத் தாண்டிய கடை, கிரெடிட் கார்டுக்கு 1.8 சதவீதம் என்று ஒப்பந்தம். ரூபே டெபிட்டில் 4,500 ரூபாய், கட்டணம் பூஜ்யம். மற்ற டெபிட் கார்டில் மூன்று பில்: 240, 1,560, 5,200. முதல் இரண்டுக்கும் சேர்த்து 16 ரூபாய் 20 பைசா, ஜி.எஸ்.டி. இல்லை. 5,200 ரூபாய் பில்லுக்கு ஜி.எஸ்.டி.யோடு 55 ரூபாய் 22 பைசா. கிரெடிட் கார்டில் 3,500க்கு 74 ரூபாய் 34 பைசா, 9,000க்கு 191 ரூபாய் 16 பைசா. ஆக மொத்தம் 336 ரூபாய் 92 பைசா, விற்பனையில் 1.4 சதவீதம். நாளைக்கு எல்லாரும் ரூபே டெபிட்டை நீட்டினால் இது பூஜ்யமாகிவிடும், எல்லாரும் கிரெடிட் கார்டோடு வந்தால் இரண்டு சதவீதத்தைத் தாண்டிவிடும். தினசரி பிடித்தத்துக்கு நிலையான சதவீதம் என்று ஒன்று இல்லவே இல்லை.

தினமும் கழிக்கும் முறை எனக்கு ஆகாமல் போனதற்குக் காரணம் இதுதான். பிடித்தம் நாளுக்கு நாள் மாறும் என்று மனசு பழகிவிட்டால், வரவு குறையும்போதெல்லாம் 'சரி, கட்டணம் போயிருக்கும்' என்று விட்டுவிடுவோம். அந்தக் குறைவுக்குள் வேறு எது ஒளிந்திருந்தாலும் தெரியாது. அந்த 240 ரூபாய் பில் ஏதோ கோளாறில் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் 574 ரூபாய் 76 பைசா ஆகும், அதாவது 2.4 சதவீதம். இன்றைக்குக் கிரெடிட் கார்டு கொஞ்சம் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். மெஷின் வாடகையும் இப்படித்தான், 500 ரூபாயும் வரியும் சேர்ந்த 590 ஏதோ ஒரு நாள் வரவில் கழிந்திருக்கும். வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்த பணம், வங்கியில் புகார் போட்டு அவர் திரும்ப வாங்கிய பணம், எல்லாம் அதே கழித்தலில் கலந்துவிடும்.

முழு வரவு முறையில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. சீட்டில் 24,000 என்றால் கணக்கிலும் 24,000. ஒரு ரூபாய் குறைந்தாலும் அது கட்டணமாக இருக்க முடியாது, அன்றைக்கே போன் போட்டுக் கேட்கலாம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், நாளோடு நாளை ஒப்பிடாமல் பேட்சோடு பேட்சை, அதாவது ஒரு செட்டில்மெண்டில் போன பில்களை அதற்கு வந்த வரவோடு, ஒப்பிட வேண்டும். ராத்திரி செட்டில்மெண்ட் அழுத்த மறந்தாலோ, வங்கியின் கெடு நேரம் தாண்டிவிட்டாலோ கடைசி இரண்டு மூன்று பில் அடுத்த வரவில் சேரும், அதைப் பார்த்துப் பணம் காணோம் என்று பதற வேண்டாம்.

கணக்கு எழுதுபவருக்கும் இது சுலபம். தினசரிக் கழிவில், வங்கியில் வந்த 23,663 ரூபாயையே விற்பனை என்று எழுதிவிடும் பழக்கம் பல கடைகளில் உண்டு. அது தவறு. விற்பனை 24,000, அதில் 288 ரூபாய் செலவு, 48 ரூபாய் 92 பைசா நாம் கட்டிய ஜி.எஸ்.டி. வழக்கமான ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம், காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடைக்காது. மாதம் ஒரு முறை பிடிக்கும்போது ஒரு ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ், ஒரு பற்று, இரண்டும் ஒரே தொகை. பரிவர்த்தனை வாரியான அறிக்கையை அப்போது ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் போதும்: ரூபே டெபிட் வரிசை பூஜ்யமா, 2,000க்குக் கீழே ஜி.எஸ்.டி. ஏறியிருக்கிறதா, 20 லட்சத்துக்குள் இருக்கும் கடைக்கு 0.90 போட்டிருக்கிறார்களா. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமில்லை, அந்த 5,200 ரூபாய் பில்லுக்கு 46 ரூபாய் 80 பைசாவுக்குப் பதில் 20 ரூபாய் 80 பைசாதான் வரவேண்டும். ரூபே கிரெடிட் கார்டை மட்டும் டெபிட்டோடு குழப்பிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள், அதற்குக் கட்டணம் உண்டு.

தினசரிக் கழிவுக்கும் நியாயம் இருக்கிறது. மாதக் கடைசியில் எட்டாயிரம் ஒன்பதாயிரம் மொத்தமாகப் போவது, கணக்கில் இருப்பதையெல்லாம் சரக்குக்குப் புரட்டும் கடைக்காரருக்கு வலிக்கும். பற்று வரும் நாளில் இருப்பு இல்லையென்றால் தனிச் சிக்கல், ஒப்பந்தத்தில் அதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கார்டு பில்தான் என்றால் தினசரிக் கழிவே போதும், விரல்விட்டே சரிபார்த்துவிடலாம். கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: டெபிட் கார்டில் அதற்கு அனுமதி இல்லை.

முழு வரவை எல்லா வங்கியும் எல்லாக் கடைக்கும் தருவதில்லை. நடப்புக் கணக்கு அதே வங்கியில் இருந்தால் கேட்டு வாங்குவது சுலபம், செயலி வழியாக மெஷின் தரும் நிறுவனங்களிடம் கஷ்டம். அவர்களிடம்தான் இருக்கப்போகிறீர்கள் என்றால் தினசரி அறிக்கையில் பில் தொகை, எம்.டி.ஆர்., ஜி.எஸ்.டி., நிகரத் தொகை நான்கும் தனித்தனிப் பத்தியாக வருகிறதா என்று மட்டும் கையெழுத்துப் போடும் முன்பு பார்த்துவிடுங்கள். கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு அன்றைக்கே பணம் போடும் வசதியை நான் வாங்கியதில்லை, அதைப் பற்றி வாங்கியவர்களிடம் கேட்பதுதான் சரி.