இசைக்குறியா, சாம்பல் டிக்கா? யூடியூபின் இரண்டு அடையாளங்கள்

யூடியூபில் சேனல் பெயருக்குப் பக்கத்தில் சிலருக்குச் சாம்பல் நிற டிக் தெரியும். சில பாடகர்களுக்கும் இசைக்குழுக்களுக்கும் அதே இடத்தில் சின்னஞ்சிறு இசைக்குறி தெரியும். பாடகர்களுக்கான டிக்தான் இந்த இசைக்குறி என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அதனால்தான், சொந்தப் பாடல்களை முறையாக வெளியிட்டவர்கள்கூட, ஒரு லட்சம் சந்தாதாரர்கள் சேரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அதைத் தள்ளிவைக்கிறார்கள். தள்ளிவைக்கத் தேவையே இல்லை. இரண்டும் வேறு வேறு வேலைக்காக ஏற்பட்டவை.

டிக்கை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. இந்தச் சேனல் உண்மையிலேயே இன்னாருடையது என்று யூடியூப் பார்த்து உறுதிசெய்திருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். விண்ணப்பிக்க 1,00,000 சந்தாதாரர்கள் வேண்டும். சேனல் எல்லோருக்கும் தெரியும்படி திறந்திருக்க வேண்டும். படம், விவரக்குறிப்பு, வீடியோக்கள் எல்லாம் இருக்க வேண்டும். வெளியுலகில் நன்கு அறியப்பட்டவர் என்றால் அதற்குக் குறைவான சந்தாதாரர்கள் இருந்தாலும் யூடியூப் தானாகவே டிக் தருவது உண்டு. பாடகர், நிறுவனம், செய்தி ஊடகம், சமையல் சேனல் என்று யாரும் பெறலாம். டிக் கிடைத்ததால் சேனலுக்குப் புதிய வசதி எதுவும் வந்து சேராது. அது விருதும் அல்ல, யூடியூபின் பரிந்துரையும் அல்ல. இதையே யூடியூபின் உதவிப் பக்கமும் சொல்கிறது. பதினைந்து நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்றுவதற்காகத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்கை உறுதிப்படுத்துகிறோமே, அது இந்த டிக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு நடைமுறை.

இசைக்குறியின் கதை வேறு. பாடகர் ஒருவர் இசை விநியோக நிறுவனம் வழியாகப் பாடலை வெளியிட்டால், அது பல தளங்களுக்குப் போவதுபோல யூடியூபுக்கும் போகிறது. அங்கே ஆல்பத்தின் அட்டைப்படமும் ஒலியும் மட்டும் கொண்ட வீடியோ ஒன்று உருவாகிறது. அதை வைத்துக்கொள்வதற்காக, பாடகர் பெயருக்குப் பின்னால் `- Topic` என்று சேர்த்து ஒரு சேனலை யூடியூபே தொடங்கிவிடுகிறது. அந்த வீடியோவின் விவரக்குறிப்பில் `Provided to YouTube by` என்றும், கடைசியில் `Auto-generated by YouTube.` என்றும் இருக்கும். பாடகரால் அந்தச் சேனலுக்குள் நுழைய முடியாது. சிலருக்கு இதற்கும் மேலாக, இசை வீடியோக்களை வெளியிடும் வீவோ நிறுவனம் வழியாக வந்த சேனல் ஒன்றும் இருக்கும். ஆக, ஒரே ஆளின் பாடல்கள் இரண்டு மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும். ரசிகர்களும் அப்படியே சிதறியிருப்பார்கள்.

இந்தச் சிதறலைச் சரிசெய்யவே அதிகாரப்பூர்வ கலைஞர் சேனல் என்ற ஏற்பாடு வந்தது. கலைஞர் நடத்தும் சேனலை மையமாக வைத்து, மற்றச் சேனல்களின் பாடல்களையும் சந்தாதாரர்களையும் அதோடு இணைக்கிறார்கள். ஆல்பங்களும் இசை வீடியோக்களும் தனித்தனி வரிசைகளில் வந்து நிற்கின்றன. தானாக உருவான பாடல்கள் எவ்வளவு கேட்கப்படுகின்றன என்ற கணக்கையும் கலைஞர் தன் ஸ்டூடியோ பக்கத்திலேயே பார்க்க முடிகிறது. பெயருக்குப் பக்கத்தில் வரும் இசைக்குறி, இந்த இணைப்பு நடந்திருக்கிறது என்பதைக் காட்டும் அடையாளம். என் பார்வையில், அடையாளத்தைவிட இணைப்பே பெரிது.

தகுதியிலும் இரண்டும் வெவ்வேறு திசையில் போகின்றன. இசைக்குறிக்குச் சந்தாதாரர் எண்ணிக்கை நிபந்தனையே இல்லை. சேனல் ஒரே கலைஞரை அல்லது ஒரே குழுவைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். விநியோக நிறுவனமோ இசை நிறுவனமோ யூடியூபுக்கு அனுப்பிய ஒரு பாடலாவது இருக்க வேண்டும். விதிமீறல் இருக்கக் கூடாது. இவற்றோடு, பாடலை அனுப்பிய நிறுவனம் யூடியூபின் இசைப் பங்குதாரர் பட்டியலில் இருப்பது, சேனல் யூடியூபின் வருவாய்ப் பகிர்வுத் திட்டத்தில் இருப்பது போன்ற வழிகளில் ஒன்று பொருந்தினால் போதும்.

இரண்டு பாடகிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் பிறர் பாடல்களைப் பாடி வீடியோவாக மட்டுமே ஏற்றுகிறார். மூன்று லட்சம் பேர் அவரைப் பின்தொடர்கிறார்கள். அவருக்கு டிக் கிடைக்கும், இசைக்குறி கிடைக்காது. விநியோக நிறுவனம் வழியாக அவர் எதையும் வெளியிட்டதே இல்லை என்பதால், இணைப்பதற்கு மறுபக்கம் ஒன்றும் இல்லை. இன்னொருவருக்குச் சந்தாதாரர்கள் இரண்டாயிரம்தான், ஆனால் இரண்டு தனிப்பாடல்களை முறையாக வெளியிட்டிருக்கிறார். அவர் இன்றைக்கே இசைக்குறி கேட்கலாம்.

யாரிடம் கேட்பது? டிக்குக்கு யூடியூபிடமே படிவம் இருக்கிறது. இசைக்குறிக்கு, பெரும்பாலான தனிக்கலைஞர்களுக்கு வழி விநியோக நிறுவனம்தான். அதன் பக்கத்திலோ உதவிப் பிரிவிலோ தன் சேனல் முகவரியைக் கொடுத்து அவர் கேட்க வேண்டும். ஆனால் கேட்பதற்கு முன் அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வெளியிட்ட பாடல்களில் கலைஞர் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் பாடலில் முதலெழுத்துக்குப் பின் புள்ளி இருக்கிறது, இரண்டாவதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இவை இரண்டு வெவ்வேறு பெயர்களாகப் போய், இரண்டு `- Topic` சேனல்கள் உருவாகியிருக்கலாம். அந்த நிலையில் இணைப்பு நடந்தால் ஒரு பாடல் மட்டும் வந்து சேரும், மற்றது வெளியே நிற்கும்.

இதற்கு நேரெதிரான சிக்கல் இன்னும் தொல்லை தருவது. அதே பெயரில் வேறொரு பாடகர் இருந்தால், இருவர் பாடல்களும் ஒரே `- Topic` சேனலில் கலந்திருக்கலாம். இணைப்புக்குப் பிறகு முன்பின் தெரியாத ஒருவரின் ஆல்பம் உங்கள் பக்கத்தில் உங்களுடையதுபோல உட்கார்ந்திருக்கும்.  பாடலை அனுப்பிய நிறுவனம் வழியாக அதைப் பிரித்துத் தரச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே உங்கள் பெயரை யூடியூபில் தேடி, `- Topic` என்று முடியும் எல்லாச் சேனல்களையும் திறந்து, ஒவ்வொரு பாடலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். இணைப்பு முடிந்த பிறகும் இதே தேடலைச் செய்யுங்கள். உங்கள் பாடல்களோடு `- Topic` சேனல் ஒன்று இன்னும் தனியாகத் தெரிந்தால், இணைப்பு முழுமையாக நடக்கவில்லை.

இரண்டு அடையாளங்களாலும் ஆகாத காரியங்களும் உண்டு. வருவாய்ப் பகிர்வுக்குத் தனி நிபந்தனைகள் இருக்கின்றன. இசைக்குறி அதைத் திறந்துவிடாது. உங்கள் பாடலைப் பிறர் பயன்படுத்தும்போது கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி வசதியையும் இவை தருவதில்லை. போலிச் சேனல் தொடங்குபவரை இவை தடுக்காது; அதற்கு முறையிடத்தான் வேண்டும்.

டிக்குக்கு ஆதரவாக நான் சொல்லக்கூடியது, அது யாருக்குப் பொருந்துகிறதோ அவர்களுக்கு வேறு வழி இல்லை என்பதுதான். பல கலைஞர்களின் பாடல்களை வெளியிடும் இசை நிறுவனச் சேனலுக்கோ, இசை விமர்சனம் செய்யும் சேனலுக்கோ இசைக்குறி கிடைக்காது. டிக் மட்டுமே உண்டு. 2019 செப்டம்பரில் டிக்குக்கான விதிகளைக் கடுமையாக்கப்போவதாக யூடியூப் அறிவித்தபோது, இருந்த டிக்கை இழக்கவிருந்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஓரிரு நாட்களிலேயே அந்த முடிவு மாற்றப்பட்டது. வசதி எதுவும் தராத அடையாளம் என்றாலும், அதைச் சேனல் நடத்துபவர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது அப்போது தெரிந்தது.

பெயர் மாற்ற நினைக்கும் பாடகர் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. டிக் உள்ள சேனலின் பெயரை மாற்றினால் டிக் போய்விடும். மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். இசைக்குறி உள்ளவருக்குச் சேனல் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. விநியோக நிறுவனத்தில் ஒவ்வொரு பாடலிலும் உள்ள கலைஞர் பெயரையும் திருத்தச் சொல்ல வேண்டும். சேனல் ஒரு பெயரிலும் பாடல்கள் இன்னொரு பெயரிலும் இருந்தால், அடுத்த வெளியீடு எந்தப் பக்கத்தில் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.