கடைக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் வாங்கும் முன் இந்த மூன்று பில்லைப் போட்டுப் பாருங்கள்

ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் இரண்டும் சேர்ந்த கடை என்னுடையது. "உங்க மாதிரி கடைக்கென்றே செய்தது" என்று சொல்லி ஒருவர் ஸ்டாக் சாஃப்ட்வேர் விற்றார். டெமோவில் பேனாவை பில் போட்டார், ஒன்று குறைந்தது. நோட்டு போட்டார், அதுவும் குறைந்தது. நானும் திருப்தியாக ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டேன். பேனாவை யார் வேண்டுமானாலும் கழிப்பார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

சிக்கல் ஒரு ஆர்டரில் வெளிவந்தது. 120 பக்கக் குறிப்பு, 30 பிரதி, இருபக்க அச்சு, ஸ்பைரல் பைண்டிங். ஒரு பிரதிக்கு 60 தாள், மொத்தம் 1800. அதாவது மூன்று ரீமும் 300 தாளும். சாஃப்ட்வேரோ ஒரு பக்கத்துக்கு ஒரு தாள் என்று 3600 கழித்துவிட்டது. பேப்பர் இருப்பு மைனஸில் போய் நின்றது, அலமாரியில் ரீம்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பார்த்தாலே தப்பு தெரிகிறது. பைண்டிங்கில் நடந்ததுதான் மோசம். அதை வெறும் கூலியாகப் பதிந்து வைத்திருந்தார்கள். அதற்குள் போகிற சுருள், முன் பிளாஸ்டிக் தாள், பின் அட்டை எதுவும் கழியவில்லை. திரையில் 10 மி.மீ. சுருள் 40 என்று காட்டியது. அதை நம்பி அடுத்த நாள் 25 ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ஒத்துக்கொண்டேன். டப்பாவைத் திறந்தால் பத்தே பத்து.

விற்றவருக்கு போன் செய்தேன். "ராத்திரி எண்ணிப் பார்த்து அட்ஜஸ்ட் பண்ணிடுங்க சார்" என்றார். தினமும் நானே எண்ணித் திருத்துவதென்றால் சாஃப்ட்வேர் எதற்கு? அதைவிட, அப்படித் திருத்தினால் சிக்கிக் கிழிந்த தாள், பில் போடாத காப்பி, களவு எல்லாம் அந்த அட்ஜஸ்ட்மென்டுக்குள்ளேயே மறைந்துபோகும். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பயிற்சி கொடுத்துட்டோமே" என்று முடித்துக்கொண்டார்.

நம் மாதிரி கடைக்கான சாஃப்ட்வேர் பேப்பரைத் தாள் கணக்கில் ஒரே பொருளாக வைக்க வேண்டும். ரீமாக விற்றால் 500, காப்பி எடுத்தால் எடுத்த தாள் மட்டும் கழிய வேண்டும். ஒவ்வொரு சேவைக்குள்ளும் என்னென்ன பொருள், எத்தனை என்று பதிய இடம் இருக்க வேண்டும். கடைக்கென்று நாம் எடுக்கும் பேனா, டேப்புக்கு விற்பனையில் சேராத தனிப் பதிவும் வேண்டும்.

காசு கொடுக்கும் முன் விற்பவர் கண்ணெதிரே ஒரு ரீம் விற்பனை, 10 பக்கம் இருபக்க காப்பி, அந்தக் காப்பிக்கு ஒரு ஸ்பைரல் பைண்டிங் என மூன்று பில் போடுங்கள். தாள் 505 குறைய வேண்டும், சுருள் ஒன்று, பிளாஸ்டிக் தாள் ஒன்று, அட்டை ஒன்று. 510 என்று காட்டினாலோ சுருள் அசையாமல் நின்றாலோ, "அடுத்த அப்டேட்டில் வரும்" என்பார். எனக்கு விற்றவரும் அதையேதான் சொன்னார், சந்தா முடியப்போகிறது, இன்னும் வரவில்லை.