மேலே 3000 லிட்டர் தொட்டி, கீழே காலிக் குடம்: பெங்களூரில் வீடு கட்டுகிறவர்கள் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

லிங்கராஜபுரத்தில் இருபதுக்கு முப்பது மனையில் வீடு கட்டி, 2023 கார்த்திகையில் பால் காய்ச்சினோம். அப்பா, அம்மா, மனைவி, இரண்டு மகள்கள், நான் என்று ஆறு பேர். கட்டிக்கொடுத்தவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். நம் ஊர்க்காரர், நம் பாஷை பேசுகிறார் என்பதற்காகவே இரண்டு கன்னட கான்ட்ராக்டர்களின் மதிப்பீட்டை ஓரம் வைத்துவிட்டு இவரைப் பிடித்தேன். என்னைத் தம்பி என்பார், நான் அண்ணன் என்பேன். பெயர் எழுதப் போவதில்லை. அவர் செய்த கணக்கைத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் அதே கணக்கை இன்னும் பல வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தொட்டி பற்றிப் பேச்சு வந்தபோது சிமெண்ட் மூட்டை அட்டையில் எழுதிக் காட்டினார். “ஆளுக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கக் கணக்கு, தம்பி. ஆறு பேருக்கு 810. காவிரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், சில வேளை ஒரு முறை தவறும். மூன்று நாளைக்கும் நான்கு நாளைக்கும் நடுவில் பிடித்து மேலே 3000 லிட்டர் தொட்டி வைத்துவிடுவோம். கீழே சம்ப் ஒரு 3000. பிறகு தண்ணீர்க் கவலையே கிடையாது.” எனக்குப் பெரிய சந்தோஷம். மேலே 3000, கீழே 3000, இருவரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

அந்த 135-இல் தவறில்லை. பாதாளச் சாக்கடை வசதி உள்ள நகரங்களில் குழாய் நீர்த் திட்டங்களுக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளும் அளவு அதுதான். எங்கள் பழைய வாடகை வீட்டுக் குடிநீர் வாரிய பில்லை எடுத்துப் பார்த்தேன். மாதம் 24 கிலோலிட்டர், அதாவது 24,000 லிட்டர். முப்பது நாளுக்கும் ஆறு பேருக்கும் வகுத்தால் 133 வருகிறது. உங்கள் வீட்டுக்கு 135 பொருந்துமா என்று யாரையும் கேட்க வேண்டாம், பில்லே சொல்லும்.

தவறு அதற்கு அடுத்த வரியில் இருந்தது. தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்ற மூன்றையும் அவர் கேட்கவே இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள், இரவு இரண்டு மணிக்கு வால்வைத் திறந்து ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். வந்த முதல் மாதத்திலேயே இரண்டாம் நாள் மாலை குழாயில் காற்று வரத் தொடங்கியது. குழந்தைகள் அதிகம் செலவழிக்கிறார்கள் என்று வீட்டில் திட்டு நடந்தது. பாவம், அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. 2024 மார்ச்சில் ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது எங்களுக்கு ஒரு முறை வராமல் போனது. 6000 லிட்டர் டேங்கர் வரவழைத்தேன். சம்ப்பில் குழாயை விட்ட கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வாய்க்கு வந்து வழிந்தது. மேலே ஏற்ற மோட்டாரைப் போட்டோம். டிரைவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, அடுத்த வீடு காத்திருக்கிறது என்று குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். முழு டேங்கருக்கும் பணம் கொடுத்தேன். டேங்கர் கொண்டுவந்ததில் பாதிகூட எங்களுக்குச் சேரவில்லை.

அன்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். கோலார் தங்கவயலில் பம்பு ஓட்டியவர். “சம்ப் 3000 என்றா சொன்னார்கள்? டேப் இருக்கிறதா?” என்று கேட்டார். மறுநாள் தண்ணீர் காலியானதும் மூடியைத் திறந்து உள்ளே இறங்கிய மேஸ்திரி அளவைச் சொல்லச் சொல்லப் பெரியவர் எழுதினார். நீளம் 5 அடி, அகலம் மூன்றரை அடி. தரையிலிருந்து மிதவை வால்வு மூடிக்கொள்ளும் மட்டம் வரை 3 அடி. பெருக்கினால் 52.5 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். மொத்தம் 1486 லிட்டர். தாராளமாக 1500 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி 1500 எங்கே போனது? கான்ட்ராக்டர் கணக்கில் இருந்தது தோண்டிய குழியின் அளவு: 6 அடி, நாலரை அடி, 4 அடி ஆழம். அதைப் பெருக்கினால் 3056 லிட்டர் வருகிறது. இரு பக்கமும் அரை அடிச் சுவரும் பூச்சும், கீழே அரை அடிக் கான்கிரீட், மேலே தண்ணீர் ஏறாத அரை அடி வெளி என எல்லாவற்றையும் தண்ணீராக எண்ணிப் பில் போட்டிருக்கிறார். இந்த ஊரில் சம்ப்புக்கு லிட்டர் கணக்கில்தான் கூலி. எனக்கு லிட்டருக்கு 20 ரூபாய். 3000-க்கு 60,000 கொடுத்தேன். அதில் 30,000 சுவருக்குள்ளும் காற்றுக்குள்ளும் போயிருக்கிறது.

பெரியவர் அத்தோடு விடவில்லை. அடுத்த முறை தண்ணீர் வந்த இரவில் என்னை எழுப்பி, சம்ப்பில் விழும் குழாய்க்குக் கீழே 20 லிட்டர் குடிநீர் கேனைப் பிடிக்கச் சொன்னார். நிறைய ஒரு நிமிடம் 50 விநாடி ஆனது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 11 லிட்டர், மூன்று மணி நேரத்துக்கு 1960 லிட்டர். எங்களுக்கு இரண்டு நாளைக்கு வேண்டியது 1620. ஆக, தெருக்குழாய் எங்களை ஏமாற்றவே இல்லை. தேவைக்கு மேலேயே 340 லிட்டர் கொடுத்திருக்கிறது. ஆனால் 1500 லிட்டர் சம்ப் நாலே காலுக்கெல்லாம் நிறைந்து, மிதவை வால்வு மூடிக்கொள்கிறது. மீதி முக்கால் மணி நேரத் தண்ணீர், 460 லிட்டர், எங்கள் வீட்டுக்குள் வராமலே போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் 1620 தேவை, 1500 இருப்பு, 120 லிட்டர் பற்றாக்குறை. மொட்டைமாடியில் 3000 லிட்டர் தொட்டி பாதி வயிறு நிறையாமல் உட்கார்ந்திருந்தது.

இங்கேதான் நான் ஏமாந்த கணக்கின் முடிச்சு இருக்கிறது. தண்ணீர் வராத நாள்களைத் தாங்க வேண்டியது, தெருக்குழாய் நேராக வந்து விழும் தொட்டி. சம்ப் இருக்கும் வீட்டில் அது சம்ப்தான். மேலே இருப்பது, ஒரு முறை மோட்டார் போட்டால் அடுத்த முறை போடும்வரை ஓட வேண்டிய தண்ணீர். தினம் ஒரு முறை மோட்டார் போடுகிற ஆறு பேர் வீட்டுக்கு 810 லிட்டர், கடையில் கிடைக்கிற அளவில் 1000. அதற்குமேல் வேண்டாம். சம்ப்புக்கு இரண்டு நாள் 1620, ஒரு முறை தவறினால் இன்னொரு 1620, மொத்தம் 3240. உள்ளளவு 6 அடிக்கு 5 அடி, தண்ணீர் நிற்கும் ஆழம் 4 அடி 2 அங்குலம் என்று கட்டியிருந்தால் 3500 லிட்டர் நின்றிருக்கும். தண்ணீர் வரும் மூன்று மணி நேரத்தை 48-இலிருந்து கழிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பகலில் வந்தால் கழிக்கலாம், அந்த நேரச் செலவு நேரடியாக நடக்கும். இரவு இரண்டு மணிக்கு யார் குளிக்கப் போகிறார்கள்? முழு 48 மணி நேரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் கணக்கை நாள் கணக்கால் பெருக்கி மேல்தொட்டி வைக்கும் முறை, சம்ப்பே இல்லாமல் தெரு அழுத்தத்திலேயே மாடிக்குத் தண்ணீர் ஏறும் வீட்டுக்குச் சரி. எங்கள் வீட்டில் அது கான்ட்ராக்டருக்கு மட்டும் சரியாக இருந்தது. குழி ஆழமாகத் தோண்டினால் பாறை, கூலி, நாள். பெரிய தொட்டி வைத்தால் கடைக்காரர் கமிஷன், அதைத் தாங்கப் படிக்கட்டுக்கு மேலிருக்கும் ஹெட்ரூம் தளத்தில் நான்கு குட்டைத் தூண்கள் என்று தனிப் பில். 3000 லிட்டர் என்றால் மூன்று டன். அந்தத் தளத்துக்கு இந்தப் பாரம் ஆகுமா என்று பொறியாளரைக் கேட்டாரா என்றால், அதுவும் இல்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்சமும் கலங்கவில்லை. “காவிரி லைனில் நேராக ஒரு சின்ன மோட்டாரைப் போட்டுவிடலாம், தம்பி. மூன்று மணி நேரத்தில் மேலேயும் கீழேயும் நிறைந்துவிடும்” என்றார். இதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வாரியம் கண்டால் மோட்டாரைப் பறிமுதல் செய்யும், அபராதம் போடும். அதைவிட மோசம், மோட்டார் உறிஞ்சும்போது தெருக்குழாயில் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்துபோகும். எங்காவது கசியும் இணைப்பு இருந்தால், பக்கத்துச் சாக்கடைத் தண்ணீர் அதன் வழியே உள்ளே வரும். குடிப்பது நாம் மட்டுமல்ல, தெருவே.

சில வாரம் விடியற்காலை மூன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்து மோட்டார் போட்டேன். 460 லிட்டரும் கிடைத்தது, கூடவே அம்மாவின் தூக்கமும் கெட்டது. பிறகு எலக்ட்ரீஷியன் ஒரு நீர்மட்டக் கருவி பொருத்திக்கொடுத்தார். சம்ப் முக்கால் நிறைந்ததும் மோட்டார் தானே ஓடும், சம்ப் அடி தட்டினாலோ மேல்தொட்டி நிறைந்தாலோ நிற்கும். இப்போது 1960 முழுவதும் வீட்டுக்குள் வருகிறது. ஒவ்வொரு முறையும் 340 மிச்சம். ஒரு முறை தவறினால் தாங்கும் 1620 லிட்டர் சேர ஐந்து முறை, அதாவது பத்து நாள் ஆகிறது. தொட்டியை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் இந்தப் பத்து நாளைக் குறைக்க முடியாது.

சம்ப்புக்கு மேல்மூடிக் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், பூச்சு முடிந்த பிறகு, நீங்களே டேப்புடன் இறங்கி உள்ளளவை எடுங்கள். நீளம், அகலம், மிதவை வால்வின் மட்டம் வரை ஆழம். அந்த லிட்டருக்கு மட்டும் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் மூடிய பிறகு பார்த்தவன். 30,000-இல் கடைசித் தவணையில் பிடித்துவைத்திருந்த 12,000-ஐ அவர் விட்டுக்கொடுத்தார். மிச்சம் 18,000 கேட்டு வாரம் ஒரு முறை போன் செய்கிறேன். மணி அடிக்கிறது, எடுப்பதில்லை.