பாலாற்றுச் சிலேடையை வேறு மொழிக்கு எப்படிக் கடத்துவது: அடிக்குறிப்பா, மாற்றுச் சிலேடையா?

வேலூர் மேடைகளில் பாலாற்றைக் கிண்டல் செய்யாமல் யாரும் இறங்குவதில்லை. இந்த அலசலுக்காக அந்த ரகத்தில் நானே ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். வெளியூர்க்காரர் கேட்கிறார், “பாலாறு எங்கேங்க?” உள்ளூர்க்காரர் சொல்கிறார், “பாலும் இல்ல, ஆறும் இல்ல. ஆறு என்ன, அஞ்சுகூடத் தேறாது.”

முதல் பாதி எந்த மொழிக்கும் போகும். பெயரைப் பிரித்து, பால் என்றும் நதி என்றும் பொருள் சொன்னால் போதும். இரண்டாவது பாதிதான் சிக்கல். நதிக்கும் எண்ணுக்கும் ஒரே சொல் இருப்பது தமிழில் தற்செயலாக அமைந்தது. பக்கத்துச் சித்தூரில் பேசும் தெலுங்கிலேயே எண் ‘ஆரு’, நதி ‘ஏரு’ என்று பிரிந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஆற்காட்டுப் பக்கத்துத் தலபுராணமும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தது. ஆறு காடு என்பதை வடமொழியில் ஷடாரண்யம் என்றார்கள். எண் நின்றது, நதிக்கு இடமில்லை.

சரி, என்னென்ன வழி இருக்கிறது?

முதல் வழி அடிக்குறிப்பு. “தமிழில் ஆறு என்பதற்கு நதி, 6 என இரு பொருள்” என்று கீழே எழுதிவிடலாம். தகவல் முழுதாகப் போய்ச் சேரும், சிரிப்பு வராது. வீடியோவுக்கு வசன வரி எழுதுபவருக்கு இந்த வழியே கிடையாது. ஆங்கில வசன வரிக்குப் பரவலாக உள்ள அளவு வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி. வசனமே அதற்குள் திணறும்போது குறிப்பு எங்கே நுழையும்?

இரண்டாவது, போகிற மொழியிலேயே வேறு சிலேடை தேடுவது. தெலுங்கில் முதலில் கைக்கு வருவது ‘பாலாரு ஆரிபோயிந்தி’. ஓசை அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ‘ஆரிபோயிந்தி’ என்பது துணி உலர்ந்தால், விளக்கு அணைந்தால் சொல்வது. ஆறு வற்றினால் ‘எண்டிபோயிந்தி’ என்பார்கள். கேட்பவர் சிரிப்பதற்குப் பதில் “என்ன தெலுங்கு இது?” என்று பார்ப்பார். ஓசைக்காக வழக்கை வளைத்தால் இப்படித்தான் ஆகும். சிலேடையை எடுத்துவிட்டு வாக்கியத்தைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் அது சாதாரணப் பேச்சாக நிற்க வேண்டும்.

அப்புறம் கிடைத்தது ‘பாலாரு நேலபாலு’. ‘பாலு’ என்றால் பால். பங்கு என்றும் பொருள் உண்டு. ‘நேலபாலு’ என்றால் மண்ணோடு மண்ணாகி வீணாய்ப் போனது, அன்றாடப் பேச்சில் உள்ளதுதான். ஆற்றின் பெயரிலேயே பால் இருப்பதால் இரண்டு பொருளும் சேர்ந்து விழுகின்றன. எண் விளையாட்டு போய்விட்டது. ஆனால் ஆறு, பால், ஆதங்கம் மூன்றும் இருக்கின்றன. என் ஓட்டு இதற்குத்தான். ஒரே நிபந்தனை, அடுத்த வசனம் அந்த எண்ணைப் பிடித்துத் தொங்கக் கூடாது. “அஞ்சாவது குடுங்கப்பா” என்று வெளியூர்க்காரர் பதில் சொன்னால் இந்த மாற்று அங்கேயே உடைந்துவிடும். அதனால் மாற்றுவதற்கு முன் பின்னால் வரும் நாலு வரியையும் படிக்க வேண்டும்.

மூன்றாவது வழி, ஓசையை விட்டுவிட்டுக் காட்சியைப் பிடிப்பது. ஆற்றில் மணல்தானே கிடக்கிறது? “பால் ஆறாக ஓடிச்சு, இப்போ பால் பவுடர்தான்.” இதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அப்படியே சொல்லலாம். சிரிப்பு ஒரு சொல்லின் இரட்டைப் பொருளில் இல்லை, காய்ந்த மணலில் இருக்கிறது. மூலத்தைவிடக் கொஞ்சம் மெதுவான சிரிப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆங்கில வசன வரிக்கு இதைத்தான் எடுப்பேன்.

சிலேடையைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, அடுத்த பத்தியில் சுலபமாக அமையும் இடத்தில் வேறொன்றை வைப்பதும் உண்டு. கதை, கட்டுரைக்குச் சரிவரும். மேடைத் துணுக்குக்கு ஆகாது, அங்கே அடுத்த பத்தியே இல்லையே.

இதெல்லாம் சிலேடை துணைக்கு வரும் இடங்களுக்கு. காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடினாரே, அங்கே சிலேடைதான் சரக்கு. ‘ஆடிக் குடத்தடையும்’ என்றால் பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகக் குடத்தில் சேரும். இதற்கு மாற்றுச் சிலேடை தேடினால் அது மொழிபெயர்ப்பவரின் பாட்டாகிவிடும். மேலே மூலத்தை அச்சிட்டு, கீழே இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் பாம்புக்கான பொருளையும் வலப்பக்கம் எள்ளுக்கான பொருளையும் வரிக்கு வரி நேராக உரைநடையில் வைப்பேன். அடிக்குறிப்பைவிட இது மேல். படிப்பவர் இரண்டையும் ஒரே பார்வையில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.